கார்டில் பிடித்து வைத்த பணம் ஷூ கிளம்பும் முன்பே நழுவினால்: கடைக்கு எந்த வழி தோது?

ஆம்பூரில் அளவெடுத்து ஷூ தைத்துத் தரும் ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 9ஆம் தேதி மாலை சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் 14,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஆர்டர் செய்கிறார். ஐந்து நாளில் அனுப்புவதாகத் தளத்தில் போட்டிருக்கிறது. சோல் வருவது இரண்டு நாள் தள்ளிப் போகிறது. அதற்குள் போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று பட்டறை பூட்டியே கிடக்கிறது. ஷூவைப் பெட்டியில் போட்டு ஒட்டும்போது தேதி 19. அனுப்பும்போது பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் டெவலப்பர் எழுதி வைத்திருந்தார். கேப்ச்சர் பட்டனை அமுக்கினால் பிழை. கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் கேட்வேயான ஸ்ட்ரைப்பில் `requires_capture` என்று இருந்த நிலை `canceled` ஆகிக் கிடக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். 9ஆம் தேதி வங்கி பணத்தைக் கொடுக்கவில்லை. "இவரிடம் 14,000 இருக்கிறது, ஒதுக்கி வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னது. அதுதான் ஆத்தரைசேஷன். ஒதுக்கியதை எடுப்பது கேப்ச்சர். இரண்டுக்கும் நடுவே ஒரு கெடு உண்டு. இணையத்தில் நடக்கும் கார்டு ஆர்டர்களுக்குப் பெரும்பாலும் அது ஏழு நாளை ஒட்டியே இருக்கும். கார்டு வகையைப் பொறுத்து இன்னும் குறையவும் செய்யும். ஞாயிறு, பொங்கல் எல்லாம் அந்தக் கணக்கில் சாதாரண நாள்தான். 16ஆம் தேதியே வங்கி பிடியை விட்டுவிட்டது.

வாடிக்கையாளர் பக்கம் இது வேறு மாதிரி தெரியும். கிரெடிட் கார்டு லிமிட்டில் குறைந்திருந்த 14,000 திரும்பி வந்திருக்கும். ஆர்டர் ரத்தாகிவிட்டது போல என்று நினைத்து வேறு கடையில் வாங்கியிருப்பார். ரீஃபண்ட் என்று எந்த வரியும் ஸ்டேட்மென்ட்டில் வராது, ஏனென்றால் பணம் போகவே இல்லை. கஸ்டமர் கேரில் ரீஃபண்ட் நம்பர் கேட்டுச் சண்டை போடுபவர்களில் பலருக்கு இதுதான் சிக்கல்.

இதைத் தவிர்க்கக் கடைக்கு நான்கு வழிகள் உண்டு. நான்கும் ஒரே தரத்தில் இல்லை.

பிடித்து வைத்து, அனுப்பும்போது எடுப்பது

ரெடியாக இருக்கும் சரக்குக்கு இதுவே நல்ல வழி. அனுப்ப முடியாவிட்டால் பிடியை விட்டுவிடலாம். வாடிக்கையாளர் ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கெடுவைப் புரோகிராமில் "7 நாள்" என்று எழுதி வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் உரிய கெடுவை ஸ்ட்ரைப்பே தருகிறது:

```python
pi = stripe.PaymentIntent.retrieve(pid, expand=["latest_charge"])
card = pi.latest_charge.payment_method_details.card
save_deadline(order_id, card.capture_before)
```

`capture_before` யூனிக்ஸ் நேரத்தில் வரும். அதை ஆர்டர் அட்டவணையில் தனி நெடுவரிசையில் சேமித்து, கெடுவுக்கு ஒன்றரை நாள் முன்பு கடைக்காரர் போனுக்கு ஒரு செய்தி போக வேண்டும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதெல்லாம் பட்டறையில் யார் கண்ணிலும் படாது. கெடு தாண்டிவிட்டால் ஸ்ட்ரைப்பிலிருந்து கடையின் தளத்துக்குத் தானாக `charge.expired` என்ற வெப்ஹூக் செய்தி வரும். அதைக் கேட்டு ஆர்டரை "பணம் இல்லை" என்ற நிலைக்கு மாற்றாத தளங்களில்தான் பணம் வராமலே பார்சல் கிளம்பிப் போகிறது.

இன்னொன்று. எல்லா கேட்வேயும் கெடு முடிந்ததும் கதவைச் சாத்துவதில்லை. பேபாலில் ஆத்தரைசேஷன் 29 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆனால் பணம் கிடைக்கும் என்ற உறுதி முதல் மூன்று நாளுக்குத்தான். அதற்குப் பிறகு எடுக்கப் பார்த்தால் கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தாமதமாக எடுத்த பணம் வந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. விசாவில் தாமதமாகக் கணக்கு அனுப்பியதே தகராறு எழுப்ப ஒரு காரணம். வாரங்கள் கழித்து வங்கி அந்தப் பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ள அது போதும்.

கெடுவை நீட்டிக் கேட்பது

சில கார்டுகளுக்கும் சில தொழில்களுக்கும் 30 நாள் வரை பிடி கிடைக்கும். மாஸ்டர்கார்டில் ப்ரீ-ஆத்தரைசேஷன் என்று கேட்டால் 30 நாள், இறுதி ஆத்தரைசேஷன் என்றால் 7. கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்து வருபவர் எந்தக் கார்டை நீட்டுவார் என்று நமக்குத் தெரியாது. இதை நம்பி டெலிவரி தேதி போட முடியாது. ஒருவருடைய லிமிட்டை ஒரு மாதம் முடக்கி வைப்பது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது.

பிடி விட்டால் மறுபடி பிடிப்பது

டெவலப்பர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான்: கார்டைச் சேமித்து வை, ஆறாம் நாள் பழைய பிடியை விட்டுப் புதிதாகப் பிடி. வெளிநாட்டுக் கார்டுகளில் பல முறை நடக்கும். நம் ஊர்க் கார்டுகளில் தடுக்கி விழும். ரிசர்வ் வங்கி விதிப்படி உள்நாட்டு இணையப் பரிவர்த்தனைக்குக் கூடுதல் உறுதிப்பாடு வேண்டும், வழக்கத்தில் அது ஓடிபி. வாடிக்கையாளர் காட்பாடியில் ரயிலுக்கு நிற்கும்போது பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட் ஓடிபி போட முடியாது. கார்டு எண்ணைக் கடை தானே சேமிப்பதும் 2022 அக்டோபர் முதல் முடியாது, அதற்குப் பதிலாக நிற்கும் டோக்கன் எண்தான்.

சிங்கப்பூர்க்காரர் விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிடியை விடாமல் புதிதாகப் பிடித்தால் அவர் லிமிட்டில் 28,000 முடங்கும். விட்டாலும் சில வங்கிகள் உடனே லிமிட்டைத் திருப்புவதில்லை. லிமிட் நெருக்கமாக இருந்தால் இரண்டாவது பிடி மறுக்கப்படும், அவரோ "ரெண்டு தடவை எடுத்துட்டீங்க" என்று மெயில் அனுப்புவார். எழுதிய புரோகிராமை விட விளக்கக் கடிதம் நீளமாகிவிடும்.

ஆர்டரின்போதே எடுத்துவிடுவது

கெடுப் பிரச்சினையே இல்லை. நம் ஊரில் பெரும்பாலான தளங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. விலை வேறு இடத்தில் இருக்கிறது: ஆர்டர் ரத்தானால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும், கேட்வே கட்டணம் பொதுவாகத் திரும்பாது. 2 சதவீதம் என்று வைத்தால் 14,000க்கு 280, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 50 ரூபாய் 40 காசு. ஆக 330 ரூபாய்க்கு மேல் கடைக்கு நஷ்டம். வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் வரப் பல வேலை நாள் ஆகும்.

என் கணக்கில், அளவெடுத்துத் தைக்கும் ஷூவானாலும் ஆரணியில் சொல்லி நெய்யும் பட்டுச் சேலையானாலும், பிடியை நம்புவதே தப்பு. தைப்பதற்கே கெடு போதாது. அங்கே முன்பணம் உடனே எடுத்து, மீதியைப் பெட்டி ஒட்டும் நாளில் பேமென்ட் லிங்க்காக அனுப்புவதுதான் தோது. 14,000இல் 4,000 ஆர்டரின்போது. தோல் வெட்ட அது போதும். 10,000க்கு லிங்க் 19ஆம் தேதி போகும். வாடிக்கையாளர் தானே ஓடிபி போடுவார், கெடு எதுவும் ஓடாது. சிலர் லிங்க்கைத் திறக்க இரண்டு நாள் எடுப்பார்கள், பார்சல் அதுவரை அலமாரியில் இருக்கும். அதற்கு ஒரு இடம் ஒதுக்க வேண்டும். முன்பணம் திரும்புமா, எப்போது அனுப்புவோம் என்ற இரண்டையும் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் தகராறு வந்தால் கடைக்காரர் காட்டப் போவது அந்தப் பக்கத்தைத்தான்.

வாங்குபவர் கவனிக்க ஒன்று. பிடி விட்டுப் போனதும் ஆர்டர் ரத்து என்று முடிவு கட்டாமல், கடைக்கு ஆர்டர் எண்ணைப் போட்டு "அனுப்பப் போகிறீர்களா" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் எழுத்தில் ரத்து செய்யுங்கள். வங்கி பிடியை விட்டதால் கடையோடு செய்த ஆர்டர் தானாக ரத்தாவதில்லை.