ஸ்லைடைப் படமெடுத்து நோட்ஸ் ஆக்குவது: மூன்று வருட அனுபவம்

நர்சிங் மாணவிகளுக்குக் குழந்தைகள் நலம் எடுக்கிறேன். மாதம் ஒரு பயிற்சிக்காவது போக வேண்டியிருக்கும். பேசுகிறவர் எண்பது ஸ்லைடை ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடுவார். கடைசியில் பி.பி.டி. கேட்டால் "அனுப்புறேன் சிஸ்டர்" என்பார். அது வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் மூன்று வருடமாகப் போனில் படமெடுத்து, அதிலிருக்கும் பொடி எழுத்தைப் பிரித்தெடுத்து, தலைப்பும் உள்தலைப்புமாக ஒரு பக்கக் குறிப்பாக்கி வைத்துக்கொள்கிறேன். பயன்படுத்துவது போன் கேமரா, ஒரு ஸ்கேன் ஆப், லேப்டாப்பில் படத்திலிருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற மென்பொருள். டெசராக்ட் இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். என் தம்பி போட்டுக்கொடுத்தான்.

முதல் ஆறு மாதம் கோளாறு மென்பொருளில்தான் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் படத்தில்தான் இருந்தது. இருட்டு ஹாலில் திரை மட்டும் பளிச்சென்று இருப்பதால் கேமரா அதை வெளுக்க வைத்துவிடும். மெல்லிய எழுத்து கரைந்துபோகும். இப்போதெல்லாம் திரையின் வெள்ளைப் பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். எடுத்தவுடன் அதே இடத்தில் பெரிதாக்கி, இருப்பதிலேயே பொடி எழுத்தைப் பார்ப்பேன். என் கண்ணுக்கு 3, 8 வித்தியாசம் தெரியவில்லை என்றால் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. டெசராக்டுக்கு ஒரு பெரிய எழுத்தின் உயரம் 20 முதல் 30 பிக்சல் இருந்தால் நன்றாகப் படிக்கும். சின்னதாக எடுத்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் கொஞ்சம் உதவும், ஆனால் படத்தில் விழாத புள்ளி அதில் முளைத்து வராது. தோழி எடுத்த படத்தை வாங்கும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும்.

ஒரு ஸ்லைடை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு நீர்ச்சத்து ஏற்றும் பிளான் ஏ, பி, சி. பக்கத்துப் பக்கத்தில் மூன்று பெட்டிகள்: பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு. மேலே அலை அலையாக ஒரு பார்டர், மூலையில் சிரிக்கும் குழந்தைப் பொம்மை, பின்னணியில் மங்கலாக ஒரு ஸ்டெதஸ்கோப், அடியில் லோகோ வரிசை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

இதை அப்படியே டெசராக்டுக்குக் கொடுத்தபோது மூன்று பெட்டியையும் குறுக்காக ஒரே வரியாகப் படித்து, பிளான் ஏ-யின் அளவுக்குப் பக்கத்திலேயே பிளான் பி-யின் அளவைக் கொண்டுவந்து ஒட்டியது. பார்டரும் பொம்மையும் `~~ | ©` என்று குப்பையாக விழுந்தன. வழி எளிதுதான்: ஸ்கேன் ஆப்பில் திரையின் நான்கு மூலையையும் பிடித்து நேராக்கிவிட்டு, ஒவ்வொரு பெட்டியையும் தனிப் படமாக வெட்ட வேண்டும். கறுப்பு வெள்ளை ஃபில்டர் போடுவதில்லை. மஞ்சள் பெட்டிக்குள் இருக்கும் சாம்பல் எழுத்தை அது முழுங்கிவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் இந்த இரண்டு வரி:

```
tesseract box3.png box3 --psm 6 -l eng
tesseract box3.png box3 --psm 6 -l eng tsv
```

`--psm 6` என்றால் படத்தை ஒரே எழுத்துக் கட்டமாக எடுத்துக்கொள் என்று பொருள். இரண்டாவது வரி ஒவ்வொரு சொல்லுக்கும் `conf` என்று ஒரு மதிப்பெண் தரும். குறைந்த மதிப்பெண் வாங்கிய சொற்களை மட்டும் படத்தோடு ஒப்பிட்டால் போதும் என்றுதான் முதலில் இருந்தேன். அது தப்பு. மூன்றாவது பெட்டியில் `2½ hours` என்றிருந்தது `2% hours` என்று வந்தது, அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு. அரை, முக்கால், தசமப்புள்ளி இருக்கும் இடங்களை மதிப்பெண் என்னவாக இருந்தாலும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

எண்களுக்கு என்னிடம் இன்னொரு வழி இருக்கிறது: கூட்டிப் பார்ப்பது. அதே பயிற்சியில் ஓ.ஆர்.எஸ். கலவை பற்றி ஒரு ஸ்லைடு வந்தது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. கூட்டினால் 20.5 கிராம், அதாவது பாக்கெட்டின் எடை. புள்ளி ஒன்று விழுந்து 2.6 என்பது 26 ஆனால் கணக்கு உடனே இடிக்கும். பக்கத்திலேயே மில்லிமோல் கணக்கில் சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, கூட்டினால் 245. எனக்கு 65 என்பது 85 ஆக வந்தது. மொத்தம் 265 ஆனதும் பிடித்துவிட்டேன். பிளான் சி-யில் டிரிப் ஏற்றும் நேரமும் இப்படித்தான்: ஒரு வயதுக்குள் இருந்தால் 1 மணி, பிறகு 5 மணி, ஆக 6, பெரிய குழந்தைக்கு அரை மணி, பிறகு இரண்டரை, ஆக 3. மொத்தம் சொல்லாத ஸ்லைடு என்றால் எனக்கு நம்பிக்கை குறைவுதான்.

இனி அலங்காரம். பார்டர், பொம்மை, ஸ்டெதஸ்கோப்பை நீக்குவதில் யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் நிறம்? பச்சை என்றால் நீரிழப்பு இல்லை, மஞ்சள் என்றால் ஓரளவு, இளஞ்சிவப்பு என்றால் கடுமை. பெட்டிக்குள் "கடுமை" என்ற சொல்லே கிடையாது, நிறம்தான் அதைச் சொல்கிறது. நிறத்தை விட்டுவிட்டு எழுதினால் மூன்று பிளானும் எந்தக் குழந்தைக்கு என்றே தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். அதனால் குறிப்பில் தலைப்பையே "பிளான் பி (மஞ்சள், ஓரளவு நீரிழப்பு): கிலோவுக்கு 75 மி.லி., 4 மணி நேரத்தில்" என்று எழுதிவிடுகிறேன்.

இதைவிடப் பெரிய அடி வேறொரு இடத்தில் வாங்கினேன். லோகோ வரிசையோடு சேர்த்து அடிப்பகுதியை மொத்தமாக வெட்டிவிடுவது என் வழக்கம். அந்தக் குறிப்பை வைத்து வகுப்பெடுத்தேன். துத்தநாக மாத்திரை, தினம் 20 மி.கி., 14 நாள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேம், நாலு மாசக் குழந்தைக்கும் இருபதேதானா?"

பத்துதான். எனக்கே தெரியும், வார்டில் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் குறிப்பில் இல்லாததால் என் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய படத்தைத் திறந்தேன். இரண்டு லோகோவுக்கு நடுவில், ஒரு நட்சத்திரக் குறி போட்டு, ஆறு மாதத்துக்குக் கீழ் 10 மி.கி. என்று எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. அந்த நட்சத்திரத்தின் ஜோடி மேலே 20-க்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அதை டெசராக்ட் ஒற்றை மேற்கோள் குறியாகப் படித்திருந்தது, நானும் குப்பை என்று அழித்திருந்தேன்.

அதற்குப் பிறகு அடிப்பகுதியை வெட்டுவதில்லை. அதைத் தனிப் படமாக, இரண்டு மடங்கு பெரிதாக்கி ஓட்டுகிறேன். பத்துக்கு ஒன்பது தடவை லோகோவின் பெயரும் பக்க எண்ணும்தான் வரும், அழித்துவிடலாம். ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு குறி தொங்கினால், அதன் ஜோடியைப் படத்தில் கண்டுபிடிக்கும்வரை குறிப்பை முடித்ததாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது ஒரு ஸ்லைடுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. பாதி ஸ்லைடுகளுக்கு இந்தப் பாடே தேவையில்லை, நாலு வரிதான் இருக்கும், கையால் தட்டிவிடலாம். அம்புக்குறி போட்ட ஃப்ளோசார்ட்டுக்கு இது ஆகவே ஆகாது. சொற்கள் எல்லாம் வரும், எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்பது வராது. அப்படிப்பட்டது திரையில் வந்தால் போனை உள்ளே வைத்துவிட்டு நோட்டை எடுத்து வரைந்துகொள்கிறேன்.