பத்திரத்தில் 9,500 இருந்தது, கைக்கு வந்தது 4,350

லண்டனில் பழைய கார் வைத்திருப்பவர்கள் காப்புறுதியைப் புதுப்பிக்கும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நான் வாசிக்காமல் விட்டது ஒரேயொரு சொல்.

என்னுடையது 1967 மொரிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் அப்பா ஓட்டியதும் அதே வகைதான், அதனால்தான் வாங்கினேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தரகர் மூலம் கிளாசிக் கார் காப்புறுதி எடுத்தேன். 'அக்ரீட் வேல்யூ' அடிப்படை. கார் முற்றாகப் போனால் என்ன தொகை என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது. அதற்காகப் பதினான்கு படங்களும், உரிமையாளர் கழகத்தில் வாங்கிய மதிப்பீட்டுக் கடிதமும் அனுப்பினேன். 9,500 பவுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். வருடத்துக்கு 3,000 மைல் மட்டும். இரவில் பூட்டிய கராஜில் நிற்க வேண்டும். சரி என்றேன்.

இந்த மார்ச் புதுப்பித்தபோது தரகர் என்னை வேறொரு காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றியிருந்தார். கட்டணம் கொஞ்சம் குறைவு. பத்திரத்தைத் திறந்து பார்த்தேன், 9,500 அப்படியே இருந்தது. திருப்தியோடு மூடிவிட்டேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'மார்க்கெட் வேல்யூ' என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அப்படி இருந்தால் 9,500 என்பது வாக்குக் கொடுத்த தொகை அல்ல. அதற்கு மேல் தரமாட்டோம் என்ற உச்சவரம்பு மட்டுமே. என் பழைய மதிப்பீடு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லுபடி, புதிய நிறுவனத்துக்குப் புதிதாகப் படமும் கடிதமும் கொடுத்திருக்க வேண்டும். நாற்பது பக்க இணைப்பில் எங்கேயோ இதை எழுதியிருக்கிறார்கள். தரகர் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூனில் ஒரு ஞாயிறு காலை. ஈரமான ரவுண்டபௌட்டில் நரி ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக் அடித்தேன், கார் வழுக்கி விளக்குக் கம்பத்தில் மோதியது. வெளியே பார்க்கப் பெரிய அடி இல்லை. ஆனால் மைனருக்குத் தனியாக சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். முன்பக்கத்தைத் தாங்கும் இரும்புக் கால் வளைந்துவிட்டால் திருத்தும் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். முழு இழப்பு என்று எழுதிவிட்டார்கள்.

அப்புறம்தான் ஆட்டம் தொடங்கியது. முதலில் கராஜ். கூரை வேலை நடந்ததால் மூன்று வாரமாக வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருந்தேன். அறிவிக்காதது என் பிழைதான். அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே தரமுடியாது என்றார்கள். இங்கேதான் 2015 காப்புறுதிச் சட்டம் கைகொடுத்தது. அதன் 11ஆம் பிரிவின்படி, ஒரு நிபந்தனையை மீறியது நடந்த இழப்பின் ஆபத்தைக் கூட்டியிருக்கவே முடியாது என்று நாம் காட்டினால், அதைச் சொல்லி மறுக்க முடியாது. பட்டப்பகலில் வீதியில் ஓடிக்கொண்டிருந்த கார் இரவில் எங்கே தூங்கினால் என்ன? அப்படியே எழுதி அனுப்பினேன். பின்வாங்கினார்கள். முற்றத்திலிருந்து களவு போயிருந்தால் என்னிடம் பதிலே இருந்திருக்காது.

பிறகு மைல் கணக்கு கேட்டார்கள். நாற்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்ஓடி சோதனை கட்டாயம் இல்லை. அது சௌகரியம்தான், ஆனால் வருடாவருடம் மைலைப் பதியும் ஆளும் இல்லை. நல்லவேளை, மார்ச்சில் எண்ணெய் மாற்றிய ரசீதில் மீட்டர் எண்ணை மெக்கானிக் கையால் எழுதியிருந்தார். கழித்துப் பார்த்தால் 640 மைல். இப்போது புதுப்பிக்கும் நாளன்று மீட்டரைப் படம் எடுத்து வைக்கிறேன்.

கடைசியில் விலை. விளம்பரங்களைப் பார்த்து 5,200 என்றார்கள். நான் கம்பளத்துக்கும் குரோமுக்கும் செலவழித்ததெல்லாம் கணக்கில் இல்லை. எந்தக் கோரலிலும் நானே ஏற்க வேண்டிய என் பங்கு 250, உடைந்த காரை நானே வைத்துக்கொள்ள 600. இரண்டும் கழித்து 4,350.

தரகர்மீது எழுத்தில் முறையிட்டேன். இறுதிப் பதில் தர அவர்களுக்கு எட்டு வாரம் உண்டு. ஏழாவது வாரம் 'இணைப்பில் இருந்தது' என்று ஒற்றை வரி வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். போயிருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை.

நீங்கள் பணம் கட்டுமுன் தரகரிடம் இதை மின்னஞ்சலில் கேளுங்கள்: 'இந்தத் தொகை ஒப்புக்கொண்டதா, சந்தை விலையா, எந்தத் தேதி வரை?' தொலைபேசியில் சொன்ன பதிலைக் காட்ட முடியாது.

மைனர் இப்போது கராஜுக்குள் நிற்கிறது. கூரை போன மாதம்தான் போட்டு முடிந்தது.