அதே சனிக்கோள் படங்கள், இரண்டு சேனல்கள்: விளம்பரக் காசு யாருக்கு?

நாசாவின் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காப்பிரைட் கிடையாது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அந்தப் படங்களை வைத்தே இரண்டு பேர் யூடியூப் சேனல் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 1,000 சந்தாதாரர்கள், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வை வந்துவிட்டது. இருவரும் மானிடைசேஷனுக்கு, அதாவது விளம்பரக் காசில் பங்கு கேட்டு, விண்ணப்பிக்கிறார்கள். முதல் சேனலுக்கு மறுப்பு, இரண்டாவதற்கு அனுமதி. ஏன்?

முதல் சேனலின் சனிக்கோள் வீடியோவைப் பாருங்கள். பதினைந்து படங்கள், ஒவ்வொன்றும் சில நொடி மெதுவாகப் பெரிதாகிறது. பின்னணியில் இசை. கணினிக் குரல் ஒன்று கலைக்களஞ்சியப் பத்தியை அப்படியே வாசிக்கிறது. அடுத்த வீடியோ வியாழன், அதற்கடுத்தது செவ்வாய். கோளின் பெயரை மாற்றினால் போதும், புது வீடியோ தயார்.

இரண்டாவது சேனலிலும் படங்கள்தான் ஓடுகின்றன, முகம் தெரிவதில்லை. ஆனால் அவர் எடுத்துக்கொள்வது இரண்டே படங்கள்: ஒன்றில் வளையங்கள் அகலமாகத் தெரிகின்றன, இன்னொன்றில் ஒரு கோடாகச் சுருங்கியிருக்கின்றன. வளையங்கள் எங்கே போயின என்று கேட்டுவிட்டுப் படத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டுகிறார். சனி சுமார் 27 டிகிரி சாய்ந்தபடி ஏறத்தாழ 29 ஆண்டுகளில் சூரியனைச் சுற்றுகிறது, அதனால் ஒரு சுற்றில் இரண்டு கட்டங்களில் வளையத்தின் விளிம்பு நம்மைப் பார்த்துத் திரும்புகிறது, வளையமோ மிக மெல்லியது. 2025 மார்ச்சிலும் அப்படித்தான் ஆனது என்று விளக்குகிறார். படங்களை எடுத்தது நாசா. கேள்வியும் வரிசையும் விளக்கமும் இவருடையவை. யூடியூப் பார்ப்பது இதைத்தான்.

மறுப்புக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு, பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, 'ரீயூஸ்டு கன்டென்ட்': அடுத்தவர் பொருளை எடுத்து, சொல்லும்படியாக எதையும் சேர்க்காமல் போடுவது. பிடித்த தொடரின் காட்சிகளை ஒட்டிப் போடுவதும், பல பாடகர்களின் பாட்டுகளைத் தொகுப்பதும் இதில் வரும். மற்றொன்று, 'இன்ஆதென்டிக் கன்டென்ட்'. 2025 ஜூலைக்கு முன் இதற்கு 'ரிபெடிஷியஸ் கன்டென்ட்' என்று பெயர். ஒரே அச்சில் வார்த்துத் தள்ளிய வீடியோக்களுக்கானது இது. எல்லாமே உங்கள் சொந்தப் பொருளாக இருந்தாலும் இதில் மாட்டலாம். முதல் சேனல் இரண்டிலும் மாட்டுகிறது.

"படத்துக்குத்தான் காப்பிரைட்டே இல்லையே, ஸ்ட்ரைக்கும் வரவில்லையே" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் அது வேறு கணக்கு. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் புகார் கொடுத்தால் வருவது. மானிடைசேஷன் பரிசோதனையில் கேட்பது, நீங்கள் என்ன சேர்த்தீர்கள் என்று. உரிமையாளரின் அனுமதிக் கடிதமே கையில் இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இன்னொரு தவறான வைத்தியம், கணினிக் குரலை எடுத்துவிட்டுச் சொந்தக் குரலில் பேசுவது. அதே கலைக்களஞ்சியப் பத்தியைத்தான் வாசிக்கிறீர்கள் என்றால், யாரோ எழுதியதை வாசிப்பது என்ற கணக்கில்தான் அது சேரும். படத்தைத் திருப்பிப் போடுவது, பாட்டின் வேகத்தைக் கூட்டுவது போன்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதற்காக ஒரே மாதிரி இருப்பதே குற்றம் என்றும் இல்லை. எல்லா வீடியோவுக்கும் ஒரே தொடக்கமும் முடிவும் வைக்கலாம், நடுவில் வருவது வேறாக இருந்தால் சரி. இரண்டாவது சேனலும் வாரா வாரம் ஒரு கோள் என்று போகலாம், ஒவ்வொன்றிலும் அந்தக் கோளுக்கே உரிய ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டும்வரை.

பரிசோதிப்பவர்கள் எல்லா வீடியோவையும் பார்ப்பதில்லை. சேனலின் மையக்கரு, அதிகம் பார்க்கப்பட்டவை, புதியவை, பார்வை நேரத்தில் பெரும்பங்கு வகிப்பவை, தலைப்பும் தம்ப்நெயிலும், சேனல் விவரக்குறிப்பு ஆகியவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். முடிவு மொத்தச் சேனலுக்கும் சேர்த்துத்தான். ஆகவே முதல் சேனல்காரர் மேலே நாலு நல்ல வீடியோ போட்டால் போதாது. பழைய ஸ்லைடுஷோ ஒன்றுதான் பெரும்பார்வையை இழுக்கிறது என்றால் அதுதான் சேனலின் முகம்.

மறுப்பு வந்தால் 21 நாளுக்குள் முறையீடு செய்யலாம், இல்லையென்றால் முதல் மறுப்புக்குப் பின் 30 நாள் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். அடுத்தடுத்த மறுப்புகளுக்கு 90 நாள். வீடியோ வழி முறையீட்டில், ஐந்து நிமிடத்துக்குள் நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். இரண்டாவது சேனல்காரரிடம் கோடு போட்ட எடிட்டிங் கோப்பு இருக்கிறது, அடித்துத் திருத்திய ஸ்கிரிப்ட் இருக்கிறது. முதலாமவரிடம் காட்ட இருப்பது தரவிறக்கிய படங்களின் ஃபோல்டர்தான். அவர் முறையீட்டில் நேரத்தைச் செலவழிப்பதைவிட, அந்த 30 நாளில் பழையவற்றை நீக்கிவிட்டுப் புதிதாகச் செய்வதே மேல்.