தனித்தனிப் பேரேடா, மாதத்துக்கு ஒரு தாளா: குழுக் கணக்கில் நாங்கள் மாறியது ஏன்

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு மன்னார்குடிப் பக்கம் உள்ளது. பன்னிரண்டு பேர். சித்திரையில் தொடங்கி ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. உள்கடனுக்கு நூற்றுக்கு இரண்டு மாத வட்டி, அதுவும் மீதி இருக்கும் அசலுக்கு மட்டும். பங்குனியில் சேமிப்பையும் வட்டி வரவையும் பிரித்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவோம்.

ஊக்குநராக நான் மூன்று வருஷம் ரொக்கப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று தனித்தனியாக எழுதினேன். இப்போது நீள நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டைச் சேர்த்து மாதத்துக்கு ஒரு தாளாக வைத்துக்கொள்கிறோம். ஆளுக்கு ஒரு வரி. முன் சேமிப்பு, இந்த மாதச் சேமிப்பு, மொத்தச் சேமிப்பு, முன் கடன் பாக்கி, அசல் வரவு, வட்டி வரவு, புதுக் கடன், முடிவுப் பாக்கி என்று கட்டங்கள்.

எழுதும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருடைய வருஷக் கடன் கதையை ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் பேரேடுதான் வசதி. வங்கிக் கடனுக்குத் தரம் பார்க்க வந்தவர்கள் எங்களிடம் பேரேட்டைத்தான் கேட்டார்கள். செல்போனில் எக்செல் போடலாம்தான், ஆனால் கூட்டத்தில் பன்னிரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்க்க அந்தத் திரை போதாது.

நான் மாறியதற்குக் காரணம் ஒரு தவறு. மார்கழிக் கூட்டத்தில் 5,000 ரூபாய் கடன் பாக்கி இருந்த ஓர் அக்கா 600 ரூபாய் கொடுத்தார்: அசல் 500, வட்டி 100. பாஸ்புக்கில் சரியாக எழுதிவிட்டு, கடன் பேரேட்டில் 600-ஐயும் அசலில் ஏற்றிவிட்டேன். அன்று ரொக்கம் எண்ணினேன், ஒரு ரூபாய்கூட பிசகவில்லை. பிசகாதே! வந்த பணம் 600, எழுதியதும் 600. சேமிப்பும் வட்டி வரவும் ஒரு பக்கம், வெளியே இருக்கும் கடன், வங்கி, கையிருப்பு மறுபக்கம் என்று கூட்டினாலும் சரியாகவே வரும். வட்டி வரவு 100 குறைந்ததும் கடன் பாக்கி 100 குறைந்ததும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

தையில் அறுவடைக் கூலி வந்ததும் கடனை முடிக்க வந்தார். அசல் 4,400 என்றேன். "ஏம்மா, என் புத்தகத்துல 4,500ன்னு இருக்கே" என்று பாஸ்புக்கை நீட்டினார். அவர் நேர்மையாகச் சொன்னதால் தெரிந்தது. பிறகு இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் பார்த்தபோது இதே மாதிரி இன்னும் இரண்டு கிடைத்தன. அந்தக் கடன்கள் முடிந்தே போயிருந்தன. குறைந்தது எல்லாருடைய பங்கிலும்தான்.

மாதத் தாளில் இது அன்றே மாட்டும். முன் கடன் பாக்கியின் மொத்தம் 18,000 என்றால் வட்டிக் கட்டத்தின் மொத்தம் 360 வர வேண்டும். 260 வந்தால் பணப்பெட்டியை மூடாமல் வரி வரியாக மேலிருந்து கீழே பார்க்கிறோம். 5,000-க்கு நேரே வட்டிக் கட்டம் காலியாக இருப்பது கண்ணில் படும். பேரேட்டிலும் இந்தச் சோதனை செய்யலாம், ஆனால் பன்னிரண்டு பக்கம் புரட்டி வட்டியைத் தனியாகக் கூட்ட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரும் அதைச் செய்வதில்லை, நானும் செய்யவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இருக்காது, சிலர் வட்டி நிறுத்திவைப்பார்கள். அப்போது 360 வராது. அதற்காக 'வட்டி பாக்கி' என்று இன்னொரு கட்டம் சேர்த்தோம். இந்த மாத வட்டியில் வந்ததும் நின்றதும் சேர்ந்து 360 ஆக வேண்டும். பழைய பாக்கி வசூலானால் அதை இந்த வட்டியோடு கலக்காமல் அடியில் தனியாக எழுதுகிறோம்.

பங்கு பிரிப்பும் எளிதாகிவிட்டது. பாதியில் சேர்ந்தவருக்கும் சமமாகப் பிரித்தால் மனக்கசப்பு வரும். பன்னிரண்டு தாளிலும் ஒருவருடைய மொத்தச் சேமிப்புக் கட்டத்தை மட்டும் கூட்டுங்கள். முதல் மாதத்திலிருந்து கட்டியவருக்கு 200, 400 என்று 2,400 வரை, ஆக 15,600. ஏழாம் மாதம் சேர்ந்தவருக்கு 4,200. இந்த விகிதத்தில் வட்டி வரவைப் பிரிக்கிறோம்.

எங்களிடம் ஒருவருக்கு ஒரு சமயம் ஒரு கடன்தான். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கடன் ஓடும் குழுவில் ஒரு வரி போதுமா என்று நான் செய்து பார்த்ததில்லை, அங்கே கடன் பேரேட்டையும் விடாமல் வைத்திருப்பதே நல்லது. பாஸ்புக்கை மட்டும் எந்த முறையிலும் விடக் கூடாது. என் தவறைக் காட்டிக்கொடுத்ததே அதுதான்.