பெயரை மறைப்பதா, நேர்காணலைக் குறைப்பதா, கேள்வியைக் கட்டுவதா: வேலைத் தேர்விலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடுக்கும் வழிகள் ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இன்றும் வேலைக்கு வரும் ‘பயோடேட்டா’வைக் கையில் எடுத்துப் பார்த்தால், படிப்புக்கும் அனுபவத்துக்கும் மேலேயே தந்தை பெயர், சொந்த ஊர், மதம், திருமண நிலை, சில நேரம் சாதி, வலது மூலையில் ஒரு புகைப்படம் என்று எல்லாம் வரிசையாக நிற்கும். வேலைக்குத் தொடர்பில்லாத இந்த விவரங்கள் தேர்வாளரின் கண்ணில் முதலில் படுகின்றன. இதைச் சரிசெய்ய மனிதவளத் துறையில் பொதுவாக மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன: விண்ணப்பத்தில் அடையாளங்களை மறைப்பது, நேர்காணலின் எடையைக் குறைப்பது, நேர்காணலையே முன்கூட்டி எழுதிய கேள்விகளாலும் மதிப்பெண்களாலும் கட்டுப்படுத்துவது. மூன்றையும் செய்வதற்குப் பெரும்பாலான நிறுவனங்களுக்கு நேரமோ ஆளோ இருப்பதில்லை என்பதால், எதை முதலில் செய்வது என்பதே இங்கு கேள்வி.

மறைப்பதற்கான வாதம் வலுவானது. சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நாளிதழ்களில் வந்த தனியார் துறை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வருவதற்கான வாய்ப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும், முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. நேரில் யாரும் யாரையும் பார்க்காத கட்டத்திலேயே இந்த இடைவெளி விழுந்துவிட்டது. பெயரையும் படத்தையும் நீக்கி ஒரு எண்ணை மட்டும் இட்டுத் தேர்வாளரிடம் கொடுப்பதற்கு ஓர் அலுவலக உதவியாளரும் ஒரு எக்செல் தாளும் போதும். செலவு மிகக் குறைவு.

ஆனால் இந்த வழி எல்லா அடையாளங்களையும் ஒரே அளவில் மறைப்பதில்லை. மதத்தையும் பாலினத்தையும் பெயர் நேராகக் காட்டுகிறது. எனவே பெயரை நீக்கினால் அங்கு உடனடிப் பயன் உண்டு. சாதியின் நிலை வேறு. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டதால், இங்கே சாதியைப் பெயரில் தேடுபவர்கள் குறைவு. அதை ஊர்ப் பெயரிலும், தெருவிலும், முகவரியில் வரும் ‘காலனி’ என்ற சொல்லிலும், படித்த பள்ளியிலும் தேடுகிறார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் நேர்காணலில் ‘உங்களுக்கு எந்தப் பக்கம்?’ என்று இயல்பாகக் கேட்டுவிடுகிறார்கள். ஆகவே பெயரை மட்டும் மறைத்துவிட்டு முகவரியையும் பள்ளியையும் விட்டுவைப்பது, இங்கு பாதிக் கதவை மட்டும் சாத்துவதாகும்.

பிரான்சில் 2010–11இல் நடந்த ஒரு சோதனை இன்னொரு சிக்கலைக் காட்டியது. முன்வந்து பங்கேற்ற நிறுவனங்களில் பெயர் மறைத்த விண்ணப்பங்கள் பயன்படுத்தப்பட்டபோது, குடியேறியோர் பின்னணி கொண்டவர்களுக்கு நேர்காணல் அழைப்பு குறைந்தது. ஏற்கெனவே பாகுபாட்டைத் தவிர்க்க முயன்ற நிறுவனங்களே அதில் சேர்ந்திருந்ததும், பின்னணி தெரிந்திருந்தால் விண்ணப்பத்தின் குறைகளை அவை சற்று இரக்கத்தோடு பார்த்திருக்கக்கூடும் என்பதும் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளைத் தேடி எடுக்க நினைக்கும் நிறுவனம் இதைக் கவனிக்க வேண்டும்: கண்ணை மூடிக்கொண்டால் தீய நோக்கத்தோடு சேர்த்து நல்ல நோக்கமும் செயலிழந்துவிடும்.

இரண்டாவது வழி, நேர்காணலின் எடையைக் குறைப்பது. அரசுத் துறையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் (தீர்ப்பு 1980 நவம்பரில் வந்தது) எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத்துக்கு 50ம் இருந்தன. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களே ஒதுக்கப்பட்டன என்றும், பெற்றோர் யார், வீடு எங்கே என்பன போன்றவைதான் கேட்கப்பட்டன என்றும் மனுதாரர்கள் கூறியிருந்தனர். மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னது. 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில், அரியானா ஆட்சிப் பணித் தேர்வில் பொதுப் போட்டியாளர்களுக்கு இந்த அளவு 12.2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் அரசிதழ் பதிவு பெறாத பி பிரிவுப் பணிகளுக்கும் சி பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணல் அடியோடு எடுக்கப்பட்டது.

ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளை எழுதும் இடத்தில் இது பொருத்தமான தீர்வு. ஆனால் ஒரு கணக்கு அலுவலர் பணிக்கு 90 விண்ணப்பங்கள் வரும் தனியார் நிறுவனத்தால் தனியாக ஒரு பொதுத் தேர்வு நடத்த முடியாது. எழுத்துத் தேர்வு, நல்ல பள்ளியும் பயிற்சி மையமும் கிடைத்தவரைத் தூக்கிவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது. தேர்வாளரின் ஓரவஞ்சனை போகும், முன்பே விழுந்த இடைவெளி அப்படியே இருக்கும்.

நான் முதலிடம் கொடுப்பது மூன்றாவது வழிக்கு. அது எப்படி இயங்குகிறது என்பதை அந்தக் கணக்கு அலுவலர் பணியை வைத்தே பார்க்கலாம். விளம்பரம் போவதற்கு முன்பே, பணியில் தினமும் வரும் சிக்கல்களிலிருந்து ஆறு கேள்விகள் எழுதப்பட வேண்டும். ஒன்று இப்படி இருக்கலாம்: ‘விற்பனையாளரின் பில் கையில் இருக்கிறது, சரக்கும் வந்துவிட்டது, ஆனால் விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் இந்த மாத ஜி.எஸ்.டி.ஆர். 2பி அறிக்கையில் அந்த பில் காணவில்லை, நாளை ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். என்ன செய்வீர்கள்?’ பில் இருப்பதால் உள்ளீட்டு வரி வரவை எடுத்துக்கொள்வேன் என்றால் 1 மதிப்பெண். இந்த மாதம் எடுக்காமல் நிறுத்திவைப்பேன் என்றால் 3. நிறுத்திவைத்து, விற்பனையாளரைத் தொடர்புகொண்டு, விடுபட்ட பில்களின் பட்டியலில் ஏற்றி, அடுத்த மாதம் பார்த்துச் சேர்ப்பேன் என்றால் 5. இந்த அளவுகோல் எந்த முகத்தையும் பார்ப்பதற்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை.

மூன்று தேர்வாளர்கள் அமர்ந்தால், விண்ணப்பதாரர் ஒருவர் வெளியேறியதும் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியே மதிப்பெண் இட்டு, தாளை மடித்து வைத்துவிட வேண்டும். இந்த ஒரு விதியை விட்டுவிட்டால் மற்றவை வீண். மூத்தவர் கதவு மூடியதும் ‘ஆள் நல்லாத்தான் இருக்கான், ஆனா நம்ம டீமுக்கு செட் ஆகமாட்டான்’ என்று சொல்லிவிட்டால், மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ‘செட் ஆவது’, ‘பிரசென்டபிளாக இருப்பது’ போன்றவை எந்த அளவுகோலிலும் இல்லாத சொற்கள். நிறம், உடை, தாடி, ஹிஜாப், சைவ உணவு, பேச்சு வழக்கு எல்லாம் அந்தச் சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆங்கிலம் உண்மையிலேயே தேவையென்றால் அதற்கு ஒரு சிறு எழுத்துப் பயிற்சி வைத்துத் தனி மதிப்பெண் இடலாம். அதை ஒவ்வொரு கேள்விக்குள்ளும் கலக்க விடக் கூடாது.

கட்டமைத்த நேர்காணல் நியாயமானது என்பதோடு, ஆளைச் சரியாகவும் கணிக்கிறது. சாக்கெட் தலைமையிலான குழு 2022இல் பழைய ஆய்வுகளை மறுகணக்கிட்டபோது, முழுப் பொருத்தத்தை 1 என்று கொண்டால் பணித்திறனோடு அதன் தொடர்பு 0.42 என்றும், கட்டற்ற நேர்காணலுக்கு 0.19 மட்டுமே என்றும் வந்தது. இதன் விலை நேரம்தான்: எட்டுப் பேருக்கு ஆளுக்கு 40 நிமிடம் என்றால் மூன்று அலுவலர்களின் ஒரு முழு நாள் போய்விடும். மேலும், இந்த வழி அறைக்குள் வந்தவருக்கு மட்டுமே காவல். அழைக்கப்படாதவருக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றையும் சேர்த்து மறைக்கும் எளிய எண் முறையை அதற்கு முன்னால் வைப்பது நல்லது. குழுவில் ஒரு பெண்ணையோ சிறுபான்மையினரையோ உட்கார வைத்தால் போதும் என்ற யோசனையைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. அளவுகோல் இல்லாத குழுவில் அவர் சாட்சியாகத்தான் அமர்ந்திருப்பார்.

பதவி உயர்வில் போட்டி வேறு வகையானது. மேலதிகாரி பரிந்துரைத்தவர்களை மட்டும் பார்ப்பதா, தகுதிக் காலம் முடித்த எல்லோரையும் தானாகவே பட்டியலில் ஏற்றுவதா? பரிந்துரையில், பரிந்துரைக்கப்படாதவர் பற்றிய காகிதமே பிறப்பதில்லை. பிறகு ஏன் விடுபட்டார் என்று யாரும் கேட்க முடியாது. முழுப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆம், இல்லை, காரணம் என்று மூன்று கட்டங்களை நிரப்பியாக வேண்டும். வேலை கூடும் என்றாலும் இதுவே மேல். பென்சன், லீ, ஷூ ஆகியோர் ஒரு பெரிய வட அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தில் செய்த ஆய்வில், பெண்கள் நடப்புப் பணித்திறனில் ஆண்களைவிட அதிக மதிப்பீடும், ‘எதிர்காலத் திறன்’ என்ற கட்டத்தில் குறைந்த மதிப்பீடும் பெற்றனர். உயர்வில் விழுந்த இடைவெளியில் 30 முதல் 50 விழுக்காடு வரை இந்த இரண்டாவது கட்டத்திலிருந்து வந்தது. செய்த வேலைக்குச் சான்று கேட்கலாம். ‘எதிர்காலத் திறன்’ கட்டத்துக்கு எந்தச் சான்றைக் கேட்பது? அதை நீக்குவது, அல்லது மேல்பதவியின் வேலையை மூன்று மாதம் பொறுப்பாகச் செய்யக் கொடுத்துப் பார்ப்பது, இரண்டில் ஒன்றுதான் வழி.

ஆனால் முழுப் பட்டியலும் பழைய பதிவுகளை அப்படியே நம்பினால் ஏமாற்றும். ராணுவப் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி தொடர்பான நிதிஷா வழக்கில் 2021 மார்ச்சில் வந்த தீர்ப்பு இதற்குச் சரியான பாடம். எல்லோருக்கும் ஒரே விதிதான் பொருத்தப்பட்டது. ஆனால் மதிப்பிடப் பயன்பட்ட ரகசிய அறிக்கைகள், பெண்களுக்கு நிரந்தரப் பணியே கிடையாது என்றிருந்த காலத்தில் எழுதப்பட்டவை. அவற்றால் எதுவும் நடக்கப்போவதில்லை என்பதால் மேலதிகாரிகள் அவற்றை ஏனோதானோவென்று எழுதியிருந்தனர். ஆண்கள் இளவயதில் கடந்த உடல்தகுதி அளவை, பெண்கள் பல ஆண்டுகள் கழித்து எட்ட வேண்டியிருந்தது. இதை மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் கண்டது. எந்த நிறுவனமும் பழைய மதிப்பீட்டைப் பட்டியலில் ஏற்றும் முன், அது எழுதப்பட்ட நாளில் அந்த ஊழியருக்கு உயர்வு பெறும் வழி திறந்திருந்ததா என்று பார்க்க வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும், எந்தப் படியில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல் தெரியாது. 60 ஆண்களும் 40 பெண்களும் விண்ணப்பித்து, 24 ஆண்களும் 10 பெண்களும் அழைக்கப்பட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்களில் 40 விழுக்காடு, பெண்களில் 25. பெண்களின் விகிதத்தை ஆண்களின் விகிதத்தால் வகுத்தால் 0.625. அமெரிக்காவில் 1978இல் வகுக்கப்பட்ட கணக்குப்படி 0.8க்குக் கீழே போனால் அந்தப் படியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நேர்காணலில் விகிதம் சரியாக இருந்து, விண்ணப்பப் பிரிப்பில் இப்படி விழுந்தால், கேள்வியைத் திருத்துவதில் பயனில்லை. மறைப்பைத்தான் இறுக்க வேண்டும். உயர்வுப் பட்டியலில் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள் என்றால் இந்த விகிதத்தை நம்பக் கூடாது, ஒரே ஒருவர் மாறினாலே அது தலைகீழாகும். அங்கே அந்த எட்டுத் தாள்களையும் எடுத்து, ‘இல்லை’ என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படிப்பதே ஒரே வழி.