லீஸா, கடனில் சொந்தமா? கூட்டிப் பார்த்த கணக்கு

சென்ற முறை வண்டி எடுக்கப் போனபோது என் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று கடனுக்கானது: வண்டி விலை 10,00,000, வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், 60 மாதம், மாதத் தவணை 20,758. மற்றொன்று லீஸ்: அதே வண்டி, 36 மாதம், மாதம் 19,600, முடிவில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டிலும் முன்பணம் இல்லை. நாணயம் எதுவானாலும் கணக்கு போடும் முறை இதேதான், அதனால் வெறும் எண்களாகவே எழுதுகிறேன்.

நான் கடனில்தான் வாங்கினேன். ஆனால் லீஸ் தாளை முதலில் பார்த்தபோது மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம், மூன்று வருடத்தில் புது வண்டி, விற்கும் அலைச்சல் இல்லை. இவையெல்லாம் உண்மையான வசதிகள். காப்பீடும் எரிபொருளும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

லீஸ் தாளில் தவணை இருந்தது. வட்டி விகிதம் இல்லை. கேட்டதற்கு, "லீஸுக்கு வட்டி கிடையாது, வாடகைதான்" என்றார்கள். அந்தப் பதில் சரியல்ல. லீஸ் தவணைக்குள் இரண்டு பங்குகள் இருக்கின்றன. ஒன்று, வண்டி இழக்கும் மதிப்பு. இன்னொன்று, உங்களிடம் முடங்கிக் கிடக்கும் நிறுவனத்தின் பணத்துக்கான வட்டி. முதல் பங்கைக் கழித்தால் இரண்டாவது வெளியே வந்துவிடும்.

தாளில் ஒரு மூலையில் எஞ்சும் மதிப்பு 5,50,000 என்று போட்டிருந்தது. மூன்று வருடம் கழித்து வண்டி அவ்வளவு பெறும் என்று நிறுவனம் முன்கூட்டியே போட்ட மதிப்பீடு அது. அப்படியானால் வண்டி இழப்பது 4,50,000. அதை 36 ஆல் வகுத்தால் மாதம் 12,500. தவணை 19,600இல் இது போக மீதி 7,100தான் வட்டி. அதைச் சதவீதமாக்க எளிய வழி உண்டு:

```
7,100 ÷ (10,00,000 + 5,50,000) × 2400 = 10.99
```

தொடக்கத்தில் 10 லட்சமும் முடிவில் ஐந்தரை லட்சமும் நிலுவை என்றால், சராசரி நிலுவை அவற்றின் கூட்டுத்தொகையில் பாதி. மாத வட்டியை ஆண்டு வட்டியாக்க 12, பாதியாக்கியதற்கு 2, சதவீதத்துக்கு 100. மூன்றையும் பெருக்கினால் 2400. ஆக, வட்டியே இல்லை என்று சொன்ன தாளுக்குள் 11 சதவீதம் இருந்தது. அதே வண்டிக்கு எனக்குக் கடன் 9 சதவீதத்தில் கிடைத்தது.

இனி இரண்டையும் ஒரே கால அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். 60 மாதக் கடனையும் 36 மாத லீஸையும் அப்படியே மொத்தமாக ஒப்பிடுவது தவறு. முதல் முறை நானும் அப்படித்தான் போட்டேன், கடன் பயங்கரமாகத் தெரிந்தது. கடனையும் 36ஆம் மாதத்தில் நிறுத்தி, வண்டியை விற்று, மீதிக் கடனை அடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதுவரை கட்டியது சுமார் 7,47,300. மீதி அசல் சுமார் 4,54,400. வண்டி நிறுவனம் சொன்ன அதே 5,50,000க்கு விலைபோனால், கடன் தீர்ந்து கையில் 95,600 நிற்கும். நிகரச் செலவு 6,51,700. லீஸில் கட்டுவது 36 × 19,600, அதாவது 7,05,600.

வித்தியாசம் சுமார் 53,900. இதில் பெரும்பகுதி அந்தக் கூடுதல் இரண்டு சதவீதத்தால் வந்தது. லீஸும் 9 சதவீதத்திலேயே இருந்திருந்தால் மொத்தம் 6,59,250தான். வித்தியாசம் எட்டாயிரத்துக்கும் கீழே. எனவே லீஸ் என்ற முறையே விலை கூடியது என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு வந்த அந்த லீஸ் விலை கூடியது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் 5,50,000 என்ற ஒற்றை எண்ணில் நிற்கிறது. நான் அதிக நேரம் செலவிட்டது அதில்தான். மூன்று வருடம் கழித்துச் சந்தை விலை 5,50,000இலிருந்து 53,900 இறங்கினால், அதாவது ஏறக்குறைய 4,96,000க்கு வந்தால், இரண்டும் சமம். அதற்கும் கீழே போனால் லீஸ் எடுத்தவர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார், நஷ்டம் நிறுவனத்துக்கு. சொந்தமாக வைத்திருப்பவர் அதைத் தானே சுமக்க வேண்டும். விலை மேலே போனால் லாபம் சொந்தக்காரருக்கு. லீஸ்காரருக்கும் அந்த லாபம் கிடைக்கலாம், ஒப்பந்தத்தில் எஞ்சும் மதிப்புக்கே வாங்கிக்கொள்ளும் உரிமை எழுதியிருந்தால் மட்டும். சில ஒப்பந்தங்களில் இதற்கு நேர்மாறாக, விலை குறைந்தால் அந்தக் குறைவையும் லீஸ் எடுத்தவரே கட்ட வேண்டும் என்று இருக்கும். அப்படியானால் லீஸின் பெரிய பாதுகாப்பே போய்விட்டது. கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அந்த எண் நிஜமா என்று பார்க்க, அதே மாடலில் மூன்று வருடம் ஓடிய வண்டிகளின் விலையைத் தேடினேன். விளம்பரத்தில் விற்பவர் கேட்கும் விலையை நம்பவில்லை. பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் மூன்று பேரிடம், "இந்த வண்டியை இன்று கொண்டுவந்தால் என்ன கொடுப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். மூன்று பதில்களும் 5,20,000க்கும் 5,60,000க்கும் நடுவில் இருந்தன. சமநிலைப் புள்ளியைவிட மேலே. கடன் பக்கம் போக எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்று, நான் வண்டியை மூன்று வருடத்தில் விற்கும் ஆள் இல்லை. கடன் ஐந்து வருடத்தில் முடியும். அதன்பின் ஓடும் ஒவ்வொரு மாதமும் தவணை இல்லாத மாதம். ஒன்பது வருடத்துக்குக் கூட்டினால், வண்டி விலை ஏறாது என்றே வைத்தாலும், மூன்று லீஸுக்கு 21,16,800 ஆகும். கடனில் 12,45,500 கட்டி, கடைசியில் 1,50,000க்கு விற்றால் 10,95,500. நடுவில் வரும் பெரிய ரிப்பேர்களுக்கு 3,50,000 ஒதுக்கினாலும் ஆறரை லட்சத்துக்கு மேல் மிச்சம். ரிப்பேர் தொகை என் முந்தைய வண்டியை வைத்துப் போட்ட ஊகம். உங்களுக்குக் கூடலாம், குறையலாம். மூன்று முறை புது வண்டி ஓட்டும் சுகம் எனக்கு இல்லை என்பதும் உண்மை.

கிலோமீட்டர் வரம்பைத் தாண்டினால் கட்டணம், கீறலுக்குக் கட்டணம், பாதியில் முறித்தால் மீதித் தவணையில் பெரும்பகுதி என்று லீஸில் வருபவை எல்லோரும் அறிந்தவை. தொழிலுக்காக எடுப்பவர்களுக்கு வரிக் கணக்கு வேறு. அதில் எனக்கு அனுபவம் இல்லை.

மின்சார வண்டியாக இருந்தால் என் தராசு லீஸ் பக்கம் சாய்ந்திருக்கும். புது மாடல் வரும்போதும் புது வண்டி விலை இறங்கும்போதும் பழையதன் மதிப்பு சட்டென்று விழக்கூடும். பழைய பேட்டரிக்கு என்ன விலை போடுவது என்று வாங்குபவரும் தயங்குவார். நான் அப்படி ஒன்றை வைத்து ஓட்டியதில்லை. ஆனாலும் அங்கே மூன்று வியாபாரிகளிடம் கேட்டு, பதில்களுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால், எஞ்சும் மதிப்பின் பாரத்தை நிறுவனத்தின் தலையிலேயே விட்டுவிட்டு, 11 சதவீதத்தை எவ்வளவு இறக்க முடியும் என்று மட்டும் பேரம் பேசியிருப்பேன்.