ரப்பர் பால் வார அறிக்கையும் நான்கு கோடுகளும்: மூன்று வருட அனுபவம்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வாங்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. குலசேகரம், திருவட்டாறு, அருமனை, பேச்சிப்பாறை என்று நான்கு டிப்போக்களிலிருந்து தினமும் பால் வருகிறது. ஒவ்வொரு டிப்போவின் டி.ஆர்.சி.யையும், அதாவது பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பதையும், வார சராசரியாக்கி வரைபடம் போட்டு திங்கட்கிழமை காலையில் பி.டி.எஃப். ஆக அனுப்பும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஓடுகிறது. அதில் முதல் ஒன்றரை வருடம் தப்பான வரைபடம்தான் போய்க்கொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது. எண்கள் எல்லாம் சரி. படிக்கத்தான் முடியவில்லை.

அறிக்கை இரண்டு வழியாகப் போகும். முதலாளி மொபைலில் பார்ப்பார். டிப்போக்களில் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு டிப்போவில் பிரிண்டர் கிடையாது, அங்கே போவது பக்கத்துக் கடையில் எடுத்த ஜெராக்ஸ்.

விஷயம் வெளிவந்தது ஒரு மழைக்காலத்தில். மழை நாளில் சிரட்டையில் தண்ணீர் விழுந்தால் டி.ஆர்.சி. இறங்கும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு கோடு மட்டும் 34-லிருந்து 30-க்குக் கீழே போயிருந்தது. சுவரில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் அருமனை டிப்போவுக்குப் போன் போட்டு, பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்று சத்தம் போட்டுவிட்டார். இறங்கியது அருமனை இல்லை, பேச்சிப்பாறை. தாளில் இரண்டு கோடும் ஒரே சாம்பல் நிறம். ஓரத்தில் எந்த நிறம் எந்த டிப்போ என்று காட்டும் சின்னப் பெட்டியிலும் அதே சாம்பலில் இரண்டு கோடுகள்.

அருமனை டிப்போ அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மொபைலில் வண்ணப் படத்தைத் திறந்து, "இந்தப் பச்சைதான் உங்க டிப்போ, சிவப்பு பேச்சிப்பாறை, பாருங்க" என்று காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மக்கா, எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது" என்றார். பச்சை சிவப்பு பிரித்தறிய முடியாத கண் அவருக்கு. இளவயதில் ரயில்வே வேலைக்குப் போய் கண் பரிசோதனையில் திரும்பி வந்தவர். அவருடைய தாய்மாமனுக்கும் இருந்ததாம். அம்மா வழியாக வருவது என்பதால் மாமனுக்கும் மருமகனுக்கும் சேர்ந்து இருப்பது வழக்கமான விஷயம். ஒன்றரை வருடமாக அந்த அறிக்கையை அவர் கீழே இருக்கும் அட்டவணையை வைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது ஒரு கணக்கு. வண்ணம் சாம்பலாக மாறும்போது எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்பதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு:

```
Y = 0.299*R + 0.587*G + 0.114*B
```

0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. நான் எந்த நிறமும் தேர்ந்தெடுக்காமல் மேட்பிளாட்லிப் தானாகக் கொடுத்த நான்கையே விட்டிருந்தேன். அருமனைக்கு வந்த பச்சை `#2ca02c`, அதாவது 44, 160, 44. சூத்திரத்தில் போட்டால் 112. பேச்சிப்பாறையின் சிவப்பு `#d62728` 91. குலசேகரத்தின் நீலம் `#1f77b4` 100. திருவட்டாறின் ஆரஞ்சு மட்டும் 152. நான்கில் மூன்று கோடுகள் 91-க்கும் 112-க்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால் தாளில் யார் பிரித்துப் பார்க்க முடியும்?

சரி, நிறத்தை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். நிறக்குருடு உள்ளவர்களுக்கு ஏற்றது என்று பரவலாகச் சொல்லப்படும் ஒகாபே–இட்டோ வண்ணத் தொகுப்பை எடுத்தேன். எட்டு நிறம். கறுப்பு, ஆரஞ்சு, வான்நீலம், நீலம் என்று நான்கைப் பொறுக்கிப் போட்டு அருமனை அண்ணனுக்கு அனுப்பினேன். "இப்ப நாலும் தெரியுது" என்று பதில் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த திங்கட்கிழமை தாளைப் பார்த்தால் பழைய கதைதான். ஆரஞ்சு `#E69F00` சாம்பலில் 162, வான்நீலம் `#56B4E9` 158. கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள், பிரிண்டருக்கு இரட்டைப் பிள்ளைகள்.

பலரும் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். நிறக்குருடுக்கு ஏற்ற தொகுப்பு சாயலை வைத்துப் பிரிக்கிறது. கறுப்பு வெள்ளைத் தாளுக்கு சாயல் என்று ஒன்றே கிடையாது, வெளிச்ச வேறுபாடு மட்டும்தான். அந்தத் தொகுப்பிலேயே இரண்டுக்கும் ஒத்துவரும்படி பொறுக்கினால் கறுப்பு 0, நீலம் `#0072B2` 87, ஆரஞ்சு 162 என்று மூன்று கிடைக்கும். நான்காவதாக மஞ்சள் 213 இருக்கிறது, ஆனால் வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு இருப்பதே தெரியாது. என் அனுபவத்தில் மூன்று கோடுதான் எல்லை. நான்காவது வந்தால் நிறத்தை நம்பக் கூடாது.

அப்புறம் கோட்டின் வடிவத்தை மாற்றிப் பார்த்தேன்: ஒன்று முழுக்கோடு, ஒன்று விட்டு விட்டு, ஒன்று புள்ளிக்கோடு. திரையில் அருமையாக இருந்தது. தாளில் இன்னொரு வினோதம். லேசர் பிரிண்டரில் சாம்பல் மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டு அடித்துத்தான் சாம்பல் மாதிரி காட்டுகிறது. பெரிய பரப்பில் அது தெரியாது. ஒரு பாயிண்ட் தடிமனுள்ள ஆரஞ்சுக் கோட்டில் அந்தப் புள்ளிகள் தனித்தனியாக உடைந்து, முழுக்கோடே புள்ளிக்கோடு போல வந்தது. ஜெராக்ஸில் இன்னும் மோசம். அதனால் விட்டு விட்டு வரும் கோடு எதுவானாலும் சுத்தக் கறுப்பில் மட்டும் போடுவேன். நிறமுள்ள கோடு முழுக்கோடாக, இரண்டரை பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கும்.

நிரல் தானாக ஓடுவதால் வந்த கோளாறு ஒன்று தனி. ஒரு வாரம் திருவட்டாறு டிப்போ மூடியிருந்தது, தரவு வரவில்லை. மேட்பிளாட்லிப் நிறங்களை வரையும் வரிசைப்படிதான் கொடுக்கும். திருவட்டாறு இல்லாததால் அதன் நிறம் அருமனைக்குப் போனது, அருமனையின் நிறம் பேச்சிப்பாறைக்கு. போன வாரத் தாளையும் இந்த வாரத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு எப்படி இருக்கும்! கையால் வரைந்தால் இந்தத் தப்பு நடக்காது. இப்போது டிப்போ பெயரையும் நிறத்தையும் ஒரு பட்டியலில் பூட்டி வைத்திருக்கிறேன், பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் நிரல் நின்றுவிடும்.

உண்மையான மாற்றம் ஓரப் பெட்டியைத் தூக்கிவிட்டு, கோடு முடியும் இடத்திலேயே டிப்போ பெயரை எழுதியபோதுதான் வந்தது. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையே போய்விட்டது. ஆனால் இரண்டு டிப்போவின் கடைசி எண் 34.1, 34.3 என்று வந்தால் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எந்த வாரம் ஏறும் என்று முன்கூட்டித் தெரியாது. அதற்கு எழுதிய சின்னத் துண்டு இது:

```python
def spread(ys, gap):
    order = sorted(range(len(ys)), key=lambda i: ys[i])
    out = list(ys)
    for a, b in zip(order, order[1:]):
        if out[b] - out[a] < gap:
            out[b] = out[a] + gap
    return out
```

கீழிருந்து மேலாகப் பார்த்து, நெருங்கும் பெயரைக் கொஞ்சம் மேலே தள்ளும். அவ்வளவுதான். என் வரைபடத்துக்கு 0.6 சதவீதப் புள்ளி இடைவெளி போதும். நாலும் ஒன்றாக நெருங்கும் வாரத்தில் மேலே உள்ள பெயர் அதன் கோட்டைவிட்டு விலகிவிடும், அப்போது மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றால் இணைக்க வேண்டும்.

தமிழில் பெயர் போட்டதில் வேறு தலைவலி. நான் வைத்திருக்கும் மேட்பிளாட்லிப் 'பேச்சிப்பாறை'யின் இரட்டைக் கொம்பை ப-வுக்கு முன்னால் போடாமல் பின்னால் போட்டது. எழுத்துகளை வடிவாக வரையாமல் எழுத்தாகவே விடச் சொல்லி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து, குரோம் வழியாக பி.டி.எஃப். ஆக்கினால் கொம்பு சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது:

```python
plt.rcParams["svg.fonttype"] = "none"
```

நிரல் ஓடும் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரின் நீளத்தை மேட்பிளாட்லிப் சரியாக அளக்காது என்பதால் வலப்பக்கம் இடத்தை நானே கூடுதலாக விட்டுவிடுகிறேன்.

அட்டவணையிலும் சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம் இருந்தன. சிவப்புக் கட்டத்தின் மேல் கறுப்பு எண், பிரிண்டில் இருட்டறை. வண்ணத்தை எடுத்துவிட்டு, 30-க்குக் கீழே போன எண்ணுக்குப் பக்கத்தில் "குறைவு" என்று தடித்த எழுத்தில் எழுதினேன். அதைப் பற்றி இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசி ஒரு வருடமாக நான்கு கோட்டையும் ஒரே படத்தில் போடுவதையே விட்டுவிட்டேன். ஒரு ஏ4 தாளில் இரண்டுக்கு இரண்டாக நான்கு சின்ன வரைபடங்கள், எல்லாவற்றிலும் இடப்பக்க அளவு ஒன்றே. ஒவ்வொன்றிலும் அந்த டிப்போவின் தடித்த கறுப்புக் கோடு, கூடவே நான்கு டிப்போவின் சராசரி மெல்லிய விட்டு விட்டு வரும் கறுப்புக் கோடாக. தலைப்பில் டிப்போ பெயர், கோட்டின் முடிவில் அந்த வார எண். நிறமே இல்லை. முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை, "என்னப்பா, சாவு நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். டிப்போக்காரர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள், தன் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். ஒரு குறை உண்டு: ஒரு டிப்போவை இன்னொன்றோடு நேராக ஒப்பிட வேண்டுமென்றால் பழைய படம்தான் வசதி. கேட்டால் மட்டும் அதைத் தனியாக அனுப்புகிறேன், கேட்ட இரண்டு டிப்போவை மட்டும் நீலத்திலும் ஆரஞ்சிலும் போட்டு.

மாற்றம் எது செய்தாலும் கோப்பைச் சாம்பலாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்:

```
gs -sDEVICE=pdfwrite -sColorConversionStrategy=Gray -dProcessColorModel=/DeviceGray -o gray.pdf report.pdf
```

இது நிறத்தைத்தான் காட்டும், கோடு உடைவதைக் காட்டாது. அதற்கு ஒரு தாள் எடுத்து, அதை ஒரு ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் போட்டுப் பார்ப்பேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார். திரைப் படத்துக்கு குரோமின் டெவலப்பர் கருவியில் Rendering பகுதியில் Emulate vision deficiencies என்று ஒன்று இருக்கிறது, அதில் பச்சை சிவப்புக் குறைபாடுகளைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் எனக்கு அருமனை அண்ணன்தான் கடைசி சோதனை.

அடுத்த மாதம் ஐந்தாவது டிப்போ வருகிறது. இரண்டுக்கு மூன்றாகக் கட்டம் போட்டால் ஒன்று காலியாக நிற்கும். அதில் வார மழையளவைப் பட்டைகளாகப் போடு, டி.ஆர்.சி. ஏன் இறங்கியது என்று பக்கத்திலேயே தெரியட்டும் என்கிறார் அண்ணன். கறுப்புப் பட்டைதான்.